போனோடு போன சான்றிதழ்கள்: வன்னியிலிருந்து மறுபிரதி எடுக்கும் வழி

போன் தொலைந்ததென்று எங்கள் கொமினிகேசன் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணை, அதுக்குள்ள இருந்த சேர்டிபிக்கற் எல்லாத்தையும் திரும்ப எடுக்கலாமோ?" என்பதுதான். எடுக்கலாம். ஆனால் தொலைந்த ஸ்கானைத் தேடி அலைவதில் நேரத்தைக் கொட்டாதீர்கள். ஸ்கான் என்பது ஆவணத்தின் படம். ஆவணம் ஏதோ ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது, அதில் உங்கள் வரியைக் காட்டும் இலக்கம் எது என்ற இரண்டும் தெரிந்தால் மிச்சம் நடக்கும். தொலைந்த படத்தில் உண்மையில் பெறுமதியானவை அதிலிருந்த இலக்கங்கள்தான்.

வன்னியில் அடிக்கடி வரும் ஒரு சிக்கலான நிலையையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்: இங்கே பிறந்து, தமிழ்நாட்டு முகாமில் படித்து, திரும்பி வந்தவர்களின் நிலை. இவர்களுடைய பதிவேடுகள் இரண்டு நாடுகளில் கிடக்கின்றன. மற்றவர்கள் இதில் தங்களுக்குரிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பிள்ளையை உதாரணத்துக்கு வைப்போம். 1999 இல் மல்லாவியில் பிறந்தவள். 2006 இல் தாய் தகப்பனோடு மன்னாரிலிருந்து படகேறி, மண்டபம் முகாமில் வளர்ந்து, 2017 மார்ச்சில் பிளஸ் ரூ எழுதித் தேறினாள். 2018 இல் குடும்பம் திரும்பி பரந்தன் பக்கம் குடியேறியது. அந்த டிசம்பர் வெள்ளத்தில் மதிப்பெண் சான்றிதழ் ஊறிக் கூழானது. நல்லவேளையாக அதற்கு முன்பே போனில் படம் எடுத்திருந்தாள். இப்போது வவுனியாவிலிருந்து வரும் வழியில் பஸ்ஸில் கைப்பை தொலைந்துவிட்டது. அதற்குள்தான் அடையாள அட்டை, போன், போனுக்குள் எல்லாச் சான்றிதழ்களின் படங்களும். பிறப்புச் சான்றிதழின் அசல் எங்கே என்று தாய்க்கும் ஞாபகமில்லை. ஒரு டிப்ளோமா வகுப்புக்கு விண்ணப்பிக்க அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ் மூன்றும் வேண்டும்.

முதலில் இலக்கங்கள்

வீட்டை விட்டு இறங்குமுன் ஒரு கொப்பியை எடுங்கள். அடையாள அட்டை இலக்கம், பிறப்புப் பதிவு இலக்கமும் பதிவுத் திகதியும், பரீட்சை எழுதிய மாதமும் ஆண்டும், பதிவெண். இவற்றை எங்கிருந்தெல்லாம் பொறுக்கலாம் என்று யோசியுங்கள்.

போனில் கூகுள் கணக்கு இருந்து, படங்கள் தானாக மேலேறும் வசதி போட்டிருந்தால் வேறொரு போனிலோ கணினியிலோ photos.google.com திறந்து பாருங்கள். மேலேறிய படத்தைத் தவறுதலாக அழித்திருந்தாலும் 60 நாளுக்குக் குப்பைப் பெட்டியில் கிடக்கும். அடுத்தது வாட்ஸ்அப். யாருக்கு எப்போது அனுப்பினீர்கள்? மாமாவுக்கு வெளிநாட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள், வேலைக்கு விண்ணப்பித்தபோது மின்னஞ்சலில் போட்டிருப்பீர்கள், அஸ்வெசும விண்ணப்பத்துக்குக் கொடுத்திருப்பீர்கள், வங்கியில் கணக்குத் திறக்கும்போது போட்டோகொப்பி வாங்கி வைத்திருப்பார்கள். எங்கள் பிள்ளையின் அடையாள அட்டைக் கொப்பி வங்கிக் கோவையில் இருந்தது. பிளஸ் ரூ படம் முகாமில் இன்னும் இருக்கும் சித்தியின் வாட்ஸ்அப்பில் கிடைத்தது. மங்கல், ஒரு மூலை வெட்டுப்பட்டிருந்தது. ஆனால் பதிவெண் தெரிந்தது, அது போதும்.

அடையாள அட்டை இலக்கம் அரைகுறையாக ஞாபகமிருந்தால் சரிபார்க்க ஒரு வழி உண்டு. 2016 இலிருந்து வரும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ணுவார்கள். மார்ச் 12 இல் பிறந்த பெண் என்றால் 31, 29, 12 மூன்றையும் கூட்டி 72, அதோடு 500, ஆக 572. அவளுடைய எண் 1999572 என்று தொடங்கவேண்டும். தொடக்கம் இப்படி ஒத்துவராவிட்டால் ஞாபகத்தில் எங்கோ ஒரு இலக்கம் பிழை.

சிம்மைப் பற்றி ஒரு சொல். தொலைந்த சிம்மை நிறுத்தச் சொல்லி முதல் நாளே நிறுவனத்துக்கு அழையுங்கள். வங்கிக் குறுஞ்செய்திகள் அதற்குத்தான் வரும். அதே இலக்கத்தில் புதுச் சிம் எடுக்க அடையாளம் கேட்பார்கள். சாரதி அனுமதிப்பத்திரமோ கடவுச்சீட்டோ இருந்தால் உடனே முடியும், இல்லாவிட்டால் அடையாள அட்டை வரும்வரை காத்திருக்கவேண்டியதுதான். பழைய வாட்ஸ்அப் உரையாடல்களை மீட்பதும் அந்தச் சிம் வந்த பிறகுதான்.

பொலிஸ் முறைப்பாடு

இதை அவசரத்தில் எழுதிக் கெடுப்பவர்கள் நிறையப் பேர். "கைப்பையும் போனும் தொலைந்துவிட்டன" என்று மட்டும் பதிந்துவிட்டு வந்தால் அந்தத் துண்டு அடையாள அட்டைக்கு உதவாது. என்னென்ன ஆவணம், ஒவ்வொன்றின் இலக்கம் என்ன, எந்த இடத்துக்கும் எந்த இடத்துக்கும் இடையில், என்ன திகதியில் தொலைந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பதியுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது, இலக்கங்களையாவது நீங்களே பார்க்கலாம். பிறகு முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளத்தில் அழிந்த மதிப்பெண் சான்றிதழை இந்த முறைப்பாட்டில் பையோடு தொலைந்ததாகச் சேர்த்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். பையில் போனது அதன் படம் மட்டுந்தான். அசல் வெள்ளத்தில் அழிந்தது என்பதை உள்ளபடி தனியாகச் சொல்லுங்கள், கிராம அலுவலரிடம் ஒரு கடிதமும் எடுக்கலாம். இரண்டு இடத்தில் இரண்டு கதை இருந்தால் பின்னால் விளக்கம் சொல்வது உங்கள் தலையில்தான் விழும்.

பிறப்புச் சான்றிதழ் முன்னுக்கு, அடையாள அட்டை பின்னுக்கு

அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதனால் அதைத்தான் முதலில் எடுக்கவேண்டும். மல்லாவி துணுக்காய்ப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகிறது. அதற்காகப் பரந்தனிலிருந்து துணுக்காய்க்கு ஓடவேண்டியதில்லை. பதிவாளர் நாயகம் திணைக்களம் கணினியில் ஏற்றிவிட்ட பதிவென்றால், எங்கே பிறந்திருந்தாலும் பக்கத்துப் பிரதேச செயலகத்திலேயே உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். இணையத்தில் விண்ணப்பிக்கவும் அந்தத் திணைக்களம் வழி வைத்திருக்கிறது. பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்திருந்தால் கட்டணம் குறைவு, வேலையும் சுருக்கம். தெரியாவிட்டால் பதிவேட்டைத் தேடுவதற்கென்று கூடுதலாகக் கட்டவேண்டும். ஒரு பிரதியோடு நிற்காமல் இரண்டு மூன்றாக எடுத்துவிடுங்கள்.

வன்னியில் வரும் தனிச் சிக்கல், "கணினியில் இல்லை" என்ற பதில். இதைக் கேட்டதும் பதிவே இல்லையென்று மனம் விட்டுவிடாதீர்கள். பெயரின் எழுத்து மாறி ஏறியிருக்கலாம், பிறந்த இடத்துக்குப் பதிலாக வைத்தியசாலை இருந்த பிரிவில் பதிந்திருக்கலாம். பிள்ளை மல்லாவியென்று சொன்னாலும் பிரசவம் வவுனியா ஆஸ்பத்திரியில் நடந்திருந்தால் பதிவு வவுனியாவில்தான் இருக்கும். இதைத் தாயிடம் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால், போரில் இந்தப் பக்கத்துப் பதிவேடுகள் சில அழிந்தாலும் கொழும்பு மத்திய ஆவணக் காப்பறையில் மறுபிரதி இருக்கக்கூடும். அங்கே தேடிப்பார்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். எங்குமே இல்லையென்றால் அதையும் எழுத்தில் வாங்கவேண்டும். அந்தத் தேடற் பெறுபேறு இல்லாமல் காலங்கடந்த பதிவுக்குப் போகமுடியாது. அதற்குப் பாடசாலைச் சேர்வு இடாப்பு, ஞானஸ்நானப் பதிவு அல்லது சாதகம், கிளினிக் அட்டை, பெற்றோரின் விவாகச் சான்றிதழ் போன்ற பழைய காகிதங்கள் கைகொடுக்கும்.

எங்கள் பிள்ளையின் பதிவு கணினியில் இருந்தது. தகப்பன் பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம், அதுதான் முதல் தேடலில் சிக்கவில்லை.

பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தபின் விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம் போய் அடையாள அட்டை விண்ணப்பப் படிவத்தை வாங்குங்கள். தொலைந்ததற்கான மறுபிரதி என்று தெளிவாகக் குறிக்கவேண்டும், முதன்முறை எடுப்பதென்று குறித்துவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். போட்டோவை எந்த ஸ்ரூடியோவிலும் எடுக்கமுடியாது. ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு பெற்ற ஸ்ரூடியோ படத்தை நேரே திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு உங்களுக்கு ஒரு பற்றுச்சீட்டைத் தரும். அந்தச் சீட்டைத்தான் படிவத்தோடு இணைக்கவேண்டும். படிவம், பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, ஸ்ரூடியோச் சீட்டு ஆகியவற்றைக் கிராம அலுவலர் உறுதிப்படுத்த, பிரதேச செயலகத்தின் அடையாள அட்டைப் பிரிவில் கட்டணத்தோடு கொடுக்கவேண்டும். தொலைத்தவருக்கு முதன்முறைக்காரரை விடக் கட்டணம் அதிகம். இலக்கம் மாறாது, பழைய இலக்கத்திலேயே அட்டை வரும். வடமாகாண அலுவலகம் வவுனியாவில் இருப்பதால், இழுபட்டால் விசாரிக்கப் பத்தரமுல்லைவரை போகவேண்டியதில்லை.

இங்கே ஓ.எல்., ஏ.எல். எழுதியவர்களுக்கு அடுத்த வேலை இலகு. பரீட்சைத் திணைக்களத்தின் doenets.lk தளத்தில் பெறுபேற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து அட்டையால் பணம் கட்டலாம். சுட்டெண் மறந்திருந்தால் படித்த பாடசாலையில் பெறுபேற்றுத் தாள் இருக்கும்.

தமிழ்நாட்டுச் சான்றிதழும் டிஜிலொக்கரும்

இனித்தான் வேலை. தமிழ்நாட்டின் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை வழங்குவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். இந்திய அரசின் டிஜிலொக்கர் என்ற மின்-ஆவணப் பெட்டகம் 2015 இலிருந்து இயங்குகிறது, அதிலும் இந்தச் சான்றிதழ்களைத் தேடி எடுக்கலாம். தளம் digilocker.gov.in, அதே பெயரில் போன் செயலியும் உண்டு. இதே மாதிரிப் பெயரோடு போலிச் செயலிகளும் திரிகின்றன, ஆகவே தளத்திலிருந்தே செயலிக்குப் போவது பாதுகாப்பு.

உள்ளே இரண்டு அறைகள் இருப்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். "Issued" என்ற பகுதியில் வருவது, சான்றிதழை வழங்கிய நிறுவனமே தன் பதிவேட்டிலிருந்து நேரே அனுப்பும் ஆவணம். "Drive" என்ற பகுதியில் இருப்பது நீங்களே ஏற்றிய ஸ்கான். முதலாவதை இந்தியாவில் அசலுக்குச் சமமாக ஏற்கவேண்டும் என்று 2017 இல் விதி வந்தது. இரண்டாவது, பெட்டகத்துக்குள் இருந்தாலும் வெறும் ஸ்கான்தான். சித்தி அனுப்பிய மங்கல் படத்தை Drive இல் ஏற்றிவிட்டு "டிஜிலொக்கரில் இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

Issued பகுதிக்குப் போக ஆதார் வேண்டும். முகாமில் இருந்த பலர் ஆதார் எடுத்திருந்தார்கள். தடை வருவது அதற்கு அடுத்த படியில்: நுழையும்போது வரும் ஒருமுறைக் கடவெண், ஆதாரில் பதிந்த இந்தியப் போன் இலக்கத்துக்குப் போகிறது. திரும்பி வந்தவர்களின் இந்தியச் சிம் பணம் போடாமல் கிடந்து செத்திருக்கும். செத்த இலக்கத்தை நிறுவனம் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அப்படியானால் உங்கள் கடவெண் யாரோ முன்பின் தெரியாதவரின் போனுக்குப் போகும். முயற்சிக்குமுன் அந்த இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுத்து யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள்.

எங்கள் பிள்ளைக்கு இங்கே அதிர்ஷ்டம் இருந்தது. ஆதாரில் கொடுத்திருந்தது சித்தியின் இலக்கம், அது இன்னும் உயிரோடு இருந்தது. சித்தி போனில் கடவெண்ணை வாசிக்க, அவள் இங்கே கணக்கைத் திறந்து, ஆறு இலக்க இரகசிய எண்ணைத் தானே போட்டாள். சொந்தச் சித்தி என்பதால் இது சரி. காசு தந்தால் எடுத்துத் தருகிறேன் என்று முகநூலில் வரும் ஆட்களுக்குக் கடவெண்ணையோ இரகசிய எண்ணையோ சொல்லிவிடாதீர்கள்.

உள்ளே போனபின் தேடலில் தமிழ்நாட்டுக் கல்விச் சான்றிதழைத் தெரிந்து, பதிவெண்ணும் ஆண்டும் போன்ற விபரங்களைக் கொடுத்தால் ஆவணம் Issued பகுதியில் வந்து விழும். "பதிவு இல்லை" என்று காட்டினால் மூன்றைச் சந்தேகியுங்கள். பதிவெண்ணில் ஓர் இலக்கம் பிழையாக இருக்கலாம், மங்கல் படத்தில் 3 உம் 8 உம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆதாரில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அல்லது அந்த ஆண்டுப் பதிவு பெட்டகத்துக்கு ஏறாமல் இருக்கலாம். முதலாவதை நீங்களே திருத்தலாம். மற்ற இரண்டுக்கும் காகித வழிதான்.

ஆவணம் கிடைத்தால் பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். அதைக் கணினியில் திறந்தால் மின்கையொப்பம் செல்லுபடியாகிறதா என்று பார்க்கலாம். அச்செடுத்த தாளில் அந்தக் கையொப்பம் வேலை செய்யாது. அதனால் அலுவலகத்துக்கு அச்சுப் பிரதியோடு கோப்பையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

இலங்கை அலுவலகம் அதை ஏற்குமா?

அசலுக்குச் சமம் என்று சொல்லும் விதி இந்தியாவினுடையது. இங்குள்ள நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது. டிப்ளோமாவுக்குச் சேர்க்கும் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள்: மின்கோப்புப் போதுமா, காகிதச் சான்றிதழ் வேண்டுமா, காகிதமென்றால் உறுதிப்படுத்தல் முத்திரையும் வேண்டுமா? சேர்வுக்கு மின்கோப்பை ஏற்றுக்கொண்டு, காகிதத்தைப் பிறகு தரச்சொல்லி அவகாசம் கொடுக்கும் இடங்களும் உண்டு. உறுதிப்படுத்தல் வேண்டுமென்றால், இந்திய வெளியுறவு அமைச்சிலும் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்திலும் முத்திரை பெறவேண்டி வரும். அதற்குக் காகித மறுபிரதி இல்லாமல் சரிவராது.

காகித மறுபிரதிக்கான விண்ணப்பம், பள்ளி மாணவராக எழுதியவருக்கு வழமையாகக் கடைசியாகப் படித்த பள்ளித் தலைமையாசிரியர் வழியாகப் போகும். சான்றிதழ் மீட்கமுடியாதபடி தொலைந்தது அல்லது அழிந்தது என்று வட்டாட்சியர், எங்கள் ஆட்கள் சொல்வதுபோல் தாசில்தார், கொடுக்கும் சான்று அதற்கு வேண்டும். பரந்தனில் வெள்ளத்தில் அழிந்ததற்கு இராமநாதபுரத்துத் தாசில்தார் எப்படிச் சான்று தருவார் என்ற கேள்வி நியாயமானது. அதனால் இந்தப் பாதையில் இறங்குமுன் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதி, வெளிநாட்டில் நடந்த இழப்புக்கு எந்தச் சான்றை ஏற்பார்கள் என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். இங்கிருந்து கிராம அலுவலர் கடிதம், பொலிஸ் பதிவு, சமாதான நீதவான் முன் கொடுத்த சத்தியக் கடதாசி மூன்றையும் ஆங்கிலத்தில் தயாராக வைத்திருங்கள். அங்கே ஓடித்திரிய, முகாமில் இருக்கும் உறவினருக்கு அதிகாரக் கடிதம் கொடுக்கலாம். சித்தி இங்கேயும் உதவுவார்.

பெயர் விடயத்தையும் இப்போதே தீர்த்துவிடுங்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழில் தகப்பன் பெயருக்கு ஒரேயொரு முதலெழுத்து, இங்குள்ள அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக முன்னால். ஆங்கில எழுத்துக்கூட்டலும் இரண்டிலும் இரண்டு மாதிரி இருக்கும். எங்கள் பிள்ளைக்கு இதுதான் கடைசித் தடையாக வந்தது. இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று பிறப்புத் திகதியையும் பெற்றோர் பெயரையும் குறிப்பிட்டுச் சத்தியக் கடதாசி முடித்து, அதன் பிரதியை ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் இணைத்தபின்தான் கோவை நகர்ந்தது.

திரும்ப ஸ்கான் செய்யும்போது

புதுப் பிரதிகள் வந்ததும் போன் கமராவில் சாய்த்து எடுக்காமல் ஸ்கானரில் 300 டிபிஐயில் பிடிஎஃப் ஆக எடுங்கள். பின்பக்கத்தையும் எடுக்கவேண்டும், முத்திரையும் உறுதிப்படுத்தலும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒரு பிரதி கூகுள் டிரைவில், ஒன்று வீட்டில் பென்டிரைவில். இலக்கங்கள் எழுதிய கொப்பி தனியாகத் தாயிடம் இருக்கட்டும். கொமினிகேசனில் ஸ்கான் செய்தால் எழும்புமுன் மூன்றைப் பாருங்கள்: கடைக் கணினியின் டவுன்லோட் கோப்புறையில் உங்கள் கோப்பு மிஞ்சியிருக்கிறதா, வாட்ஸ்அப் வெப்பிலிருந்து வெளியேறினீர்களா, அசல் தாள் இன்னும் ஸ்கானர் கண்ணாடியில் கிடக்கிறதா. கடைசியாகச் சொன்னது எங்கள் கடையில் கிழமைக்கு ஒருமுறையாவது நடக்கிறது.

பஸ் கண்டக்டர் ஒருநாள் பையைக் கொண்டுவந்து தந்தாலும் பழைய அடையாள அட்டையைப் பேர்சில் வைத்துத் திரியாதீர்கள். புது அட்டை வந்துவிட்டால் பழையதைப் பிரதேச செயலகத்தில் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு எழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.